வீதி நாடகம் எழுதுவது எப்படி?

எங்க அக்கா படிக்கும் கல்லூரியில் விழிப்புணர்வு நாளுக்கு, வீட்டுக் குப்பையைப் பிரிப்பது பற்றி வீதி நாடகம் போட்டார்கள். அதை எழுதும்போது நானும் கூட இருந்தேன்.

வீதி நாடகத்துக்கு மேடை, திரை, மைக் எதுவும் கிடையாது. சுற்றி ஆட்கள் நிற்பார்கள். அதனால் வசனம் சின்னதாக இருக்கணும், சத்தமாகச் சொல்லணும்.

அக்கா முதலில் "மக்கும் குப்பை, மக்காத குப்பை" என்று பாடம் மாதிரி எழுதினாள். ஒத்திகையில் ஒருத்தரும் கவனிக்கவில்லை. பிறகு ஒரே ஒரு குப்பை வாளியை நடுவில் வைத்து மாற்றி எழுதினாள்.

பணியாளர்: (வாளியில் கை விட்டு) ஆ!

அம்மா: என்னாச்சு அண்ணே?

பணியாளர்: சோத்துக்குள்ள பிளேடும்மா!

அம்மா: எல்லாம் குப்பைதானே?

பணியாளர்: சோறு தனியா இருந்தா உரமாகும். அட்டை காஞ்சிருந்தா எடைக்குப் போகும். இப்ப சாம்பார்ல ஊறி ரெண்டும் கெட்டுச்சு. என் கையும் கிழிஞ்சுது.

(பிளேடு அட்டையில் செய்தது.)

அடுத்து வாளியைத் தரையில் கொட்டி, பார்ப்பவர்களில் ஒருவரைக் கூப்பிட்டுப் பிரிக்கச் சொல்லணும். காய்கறித் தோல், சோறு பச்சைக் கூடைக்கு. காகிதம், கழுவிக் காயவைத்த பால் கவர் நீலக் கூடைக்கு. பிளேடு, பேட்டரி, பழைய மாத்திரை தனிப் பெட்டிக்கு. பிளேடை மட்டும் தடித்த தாளில் சுற்றி, மேலே 'பிளேடு' என்று எழுதணும்.

அன்று வந்தவர் முட்டை ஓட்டை நீலக் கூடையில் போட்டார். கூட்டமே "அது மக்கும்!" என்று கத்தியது. அந்த இடம்தான் நாடகத்தில் எல்லோருக்கும் மனசில் நின்றது.