ஸ்டாண்ட் மிக்ஸர் பீட்டர் பாத்திரத்தில் இடிக்கிறதா?

கேக்குக்கு வெண்ணெயும் சர்க்கரையும் அடிக்கிறீர்கள். மேலே எல்லாம் நுரைத்து வெளுத்துவிட்டது. கரண்டியால் கிளறினால் அடியில் மட்டும் மஞ்சளாக ஒரு பட்டை அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பீட்டர் உயரமாக இருக்கிறது என்று பொருள். ‘டக் டக்’ என்று இடித்தால் நேர் எதிர், பீட்டர் தாழ்ந்திருக்கிறது. பெரும்பாலும் ஒரு ஸ்க்ரூவை லேசாகத் திருப்பினால் சரியாகிவிடும். சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

1. முதலில் பாத்திரம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தலைப்பகுதி சாயும் மாடலில், பாத்திரத்தை அடித்தட்டில் வைத்து இறுகும்வரை திருக வேண்டும். தலையின் பூட்டும் விழுந்திருக்க வேண்டும். கைப்பிடியைச் சுழற்றினால் பாத்திரமே மேலேறும் மாடலில், பாத்திரத்தின் பின்பக்கத்தை அழுத்தி ‘க்ளிக்’ என்று மாட்ட வேண்டும். அது மாட்டாவிட்டால் பாத்திரம் சாய்ந்து நின்று ஒரு பக்கம் மட்டும் இடிக்கும்.

2. உயரத்தைக் கண்ணால் கணிக்க முடியாது, நாணயம் சொல்லிவிடும். அமெரிக்காவில் இதற்கு ‘டைம்’ எனும் 10 சென்ட் நாணயத்தைப் போடுவார்கள். அதன் தடிமன் 1.35 மி.மீ.; நம் ஒரு ரூபாய் நாணயமும் ஏறக்குறைய அவ்வளவுதான். கழுவித் துடைத்த நாணயத்தைக் காலிப் பாத்திரத்தில் போட்டு, தட்டை பீட்டரை மாட்டி, மிகக் குறைந்த வேகத்தில் ஓட விடுங்கள். பீட்டர் கடக்கும்போது நாணயம் அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை நகர்ந்தால் உயரம் சரி. அசையவே இல்லையென்றால் பீட்டர் உயரம். நாணயத்தை விடாமல் தள்ளிக்கொண்டே சுற்றினாலோ, பாத்திரத்தில் உரசும் சத்தம் கேட்டாலோ பீட்டர் தாழ்வு.

3. கிச்சன்எய்டின் சாயும் தலை மாடலில் திருத்துவது இப்படி: பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தலையைப் பின்னால் சாயுங்கள். தலையும் தூணும் சேரும் கழுத்து மடிப்பில் ஒரு ஸ்க்ரூ தெரியும். தலை எவ்வளவு தாழ்ந்து உட்கார வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. இடப்பக்கம் திருப்பினால் பீட்டர் உயரும். வலப்பக்கம் திருப்பினால் தாழும். மேலே சொன்ன மஞ்சள் பட்டைக்கு வலப்பக்கம்தான் திருப்ப வேண்டும். கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, தலையை இறக்கிப் பூட்டி, மறுபடி நாணயத்தைப் போட்டுப் பாருங்கள். இன்னும் அசையவில்லையா, மேலும் கொஞ்சம். அவசரப்பட்டு நிறையத் திருப்பினால் தலையின் பூட்டு விழாது. அப்போது வந்த வழியே திருப்ப வேண்டியதுதான்.

4. பாத்திரம் மேலேறும் மாடலில் ஏமாந்துவிடாதீர்கள். அங்கே ஸ்க்ரூ தூணின் முன்பக்கத்தில் இருக்கும். அது நகர்த்துவது பீட்டரை அல்ல, பாத்திரத்தை. கைப்பிடியைக் கீழே இறக்கிவிட்டு, இடப்பக்கம் திருப்பினால் பாத்திரம் உயரும், அதாவது இடைவெளி குறையும். முந்தைய மாடலில் அதே திசை இடைவெளியைக் கூட்டும். அக்கம்பக்கத்து வீட்டில் பார்த்ததை நம் மெஷினில் அப்படியே செய்தால் இடி இன்னும் பலமாகும்.

5. கென்வுட் ஷெஃப் வகையில் இந்த ஸ்க்ரூ கிடையாது. பீட்டரின் தண்டிலேயே ஒரு நட்டு இருக்கும். ஸ்பேனரால் அதைத் தளர்த்தி, தண்டைத் திருகி ஏற்றி இறக்கிவிட்டு நட்டை மறுபடி இறுக்க வேண்டும். பிசையும் கொக்கிக்கு இந்தச் சரிசெய்தல் தேவையில்லை.

6. சிலிகான் விளிம்பு வைத்த பீட்டரால் உயரம் பார்க்காதீர்கள். பாத்திரத்தை வழிப்பதற்காகவே செய்தது என்பதால் அது தொட்டுக்கொண்டுதான் ஓடும். கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாறும்போதும் ஒருமுறை சோதியுங்கள். எஃகுப் பாத்திரத்துக்கு வைத்த உயரம் இதற்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

7. சரியாக வைத்த உயரம் சில நாளிலேயே மாறிவிடுகிறதா? சாயும் தலை மாடலில், தலையைத் தூணோடு இணைக்கும் கீல் ஆணி தளர்ந்து வெளியே வருகிறதா என்று பாருங்கள். கெட்டி மாவு பிசையும்போது தலை துள்ளினால் சந்தேகமே வேண்டாம். ஆணியை உள்ளே தள்ளி, அதைப் பிடித்திருக்கும் சிறு ஸ்க்ரூவை முதலில் இறுக்குங்கள், அதன்பிறகுதான் உயரம்.

8. இடிக்கும் மெஷினை ‘ஓடுகிறவரை ஓடட்டும்’ என்று விடாதீர்கள். வெள்ளைப் பூச்சுள்ள பீட்டரில் பூச்சு உரிந்து மாவில் கலக்கும். விஸ்க்கின் கம்பிகள் தேயும். பூச்சு உரிந்த பீட்டரை மாற்றுங்கள். உயரத்தைச் சரிசெய்த பிறகும் உரிவது நிற்காது.