பலம் என்று எழுதியதெல்லாம் பலம்தானா?

கோவை கணபதியில் எங்களுடையது சின்ன பட்டறை. இரண்டு சிஎன்சி, மூன்று சாதா லேத், ஒன்பது பேர். பம்ப் கம்பெனிகளுக்கு மோட்டார் ஷாஃப்ட் கடைந்து கொடுப்பதுதான் பிழைப்பு. புதிதாக ஏதாவது செய்யலாம் என்று தோன்றியபோது இரண்டு பொருள்கள் கண்ணில் பட்டன. ஒன்று, மண் அள்ளும் இயந்திரங்களுக்கான பின். மற்றொன்று, சப்மெர்சிபிள் பம்ப் ரிப்பேருக்கான வெண்கல புஷ்.

முதலில் எல்லோரும் உட்கார்ந்து பலம், பலவீனம் எழுதினோம். பலம்: தரம், அனுபவம், நேரம் தவறாமை. பலவீனம்: இடம் போதவில்லை, ஆள் கிடைப்பதில்லை. எங்கள் தெருவில் எந்தப் பட்டறையும் இதையேதான் எழுதும். அந்தத் தாளை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியவில்லை.

இரண்டாவது முறை ஒரு விதி வைத்தோம். எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பட்டறையில் ஒரு பதிவு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அளந்து பார்க்க வேண்டும்.

‘நேரம் தவறாமை’யை முதலில் எடுத்தோம். ஆறு மாத டெலிவரி சலான்களை ஆர்டர் தேதியோடு ஒப்பிட்டதில், 64 லாட்டில் 19 தாமதம். அதில் 13 லாட் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கும் பிளேட்டிங்குக்கும் வெளியே போய்க் காத்துக் கிடந்தவை. எங்கள் கூரைக்குள் முடியும் வேலை பெரும்பாலும் நேரத்துக்கு முடிந்திருக்கிறது. வெளியே போன வேலைதான் தாமதமாகியிருக்கிறது. ஆகவே அந்த வரி இரண்டாகப் பிரிந்து, பாதி பலவீனத்துக்குப் போனது.

அடுத்து ‘தரம்’. ஷாஃப்டில் பேரிங் உட்காரும் 25 மி.மீ. இடத்துக்கு டாலரன்ஸ் 13 மைக்ரான். காலையில் மிஷினைப் போட்டதும், ஆஃப்செட்டைத் தொடாமல் 30 ஷாஃப்ட் கடைந்து, வரிசை எண் போட்டு மைக்ரோமீட்டரில் அளந்தோம். பெரியதற்கும் சிறியதற்கும் வித்தியாசம் 11 மைக்ரான். எல்லாமே அளவுக்குள் என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் 30 துண்டிலேயே 11 என்றால், ஆயிரம் துண்டில் சில கட்டாயம் 13-ஐத் தாண்டும். வரிசைப்படி பார்த்தபோது காரணமும் தெரிந்தது. முதல் ஏழு துண்டும் ஒரே பக்கம் விலகியிருந்தன. ஸ்பிண்டில் சூடேறிய பிறகுதான் அளவு நிலைத்தது.

மூத்த ஆபரேட்டரிடம் காட்டினேன். “காலையில முதல் ஒரு மணி நேரம் மிஷின் பேச்சுக் கேக்காதுங்க தம்பி. நான்தான் ஆஃப்செட் மாத்தி மாத்தி வழிக்குக் கொண்டாருவேன்” என்றார். உடனே ரிஜெக்‌ஷன் நோட்டைப் புரட்டினேன். அவர் லீவு போட்ட நாள்களில் கழிவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பட்டறையின் பலம் என்று நாங்கள் எழுதியது ஒரு மனிதரின் கைப்பக்குவம். அவர் இல்லாத நாளில் அதுவே பலவீனம்.

இதன் பிறகுதான் இரண்டு பொருள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பின்னுக்கு மார்க்கெட் பெரிது. ஆனால் அதைக் கடைந்த பிறகு ஹார்டனிங் செய்து கிரைண்டிங் போட வேண்டும். இரண்டுமே எங்களிடம் இல்லை. கடைசி அளவைத் தருவது கிரைண்டிங் என்பதால் எங்கள் கடைசல் நேர்த்திக்கு அங்கே விலையே இல்லை. தாமதமோ எங்கள் பேரில் விழும்.

வெண்கல புஷ் முழுக்க எங்கள் லேத்திலேயே முடியும். 25 மி.மீ. துளைக்கு 21 மைக்ரான் வரை இடம் உண்டு. ஆனால் வேறு இடத்தில் இடித்தது. ஜாப் ஒர்க்கில் மெட்டீரியல் கஸ்டமருடையது. இங்கே வெண்கலம் எங்கள் பணத்தில். செம்பு விலை ஏறி இறங்கினால் அடி எங்களுக்கு. அதோடு ஆர்டர்கள் 20, 30 என்று சின்னச் சின்னதாக வரும். அளவு மாற்றி செட்டிங் செய்ய எங்களுக்கு 50 நிமிடம் ஆகிறது. ஒரு புஷ்ஷுக்கு மூன்று நிமிடம் என்றால் 30 புஷ்ஷுக்கு 90 நிமிடம். மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செட்டிங்கிலேயே போகிறது.

எனவே புஷ்ஷைத் தேர்ந்தெடுத்து நான்கு நிபந்தனை போட்டோம். ஒரே ஜாவில் பிடிக்கக்கூடிய அளவுகளை ஒரே நாளில் ஓட்டுவது. வெண்கலச் சீவலைத் திரும்ப எடுத்துக்கொண்டு விலையில் கழிக்கும் வார்ப்புப் பட்டறையிடம் மட்டுமே மெட்டீரியல் வாங்குவது. காலையில் இருபது நிமிடம் ஸ்பிண்டிலைச் சும்மா ஓட்டிச் சூடாக்குவது. ஆஃப்செட் திருத்தத்தை நோட்டில் எழுதி இன்னொருவருக்கும் பழக்குவது.

மூன்று மாதம் கழித்து ஊர்த் திருவிழாவுக்காக மூத்தவர் ஒரு வாரம் லீவு கேட்டார். அந்த வாரத்து ரிஜெக்‌ஷன் நோட்டைப் பார்க்கும்வரை முதல் புஷ் ஆர்டரை நான் ஒப்புக்கொள்ளவில்லை. கழிவு ஏறவில்லை. அன்றுதான் ‘தரம்’ என்ற வரியைத் திரும்பவும் பலத்தின் பக்கம் எழுதினேன்.