புதிய, நூதன, நவீன: அறிவிப்பில் சொல் தெரிதல்

நுழையும்முன்

ஒரு பொருளோ பணியோ தொடங்கப்படும்போது வெளியாகும் அறிவிப்பில் 'புதிய' என்னும் சொல் தவறாமல் இடம்பெறுகிறது. அச்சொல் போதாது என்று கருதுவோர் நூதனம், நவீனம், புதுமை, புத்தாக்கம் எனப் பலவற்றை அடுக்குகின்றனர். இவை ஒருபொருட் பன்மொழிபோலத் தோன்றினும் ஒவ்வொன்றும் வேறொரு செய்தியை உணர்த்துவது. அவ்வேறுபாட்டை அறிந்து, வெற்று ஆரவாரம் இல்லாத அறிவிப்பை எழுதும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

எது புதிது?

2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் தொடங்கப்பட்டது. உளுந்தூர்பேட்டை வட்டத்தைச் சேர்ந்த எலவனாசூர்கோட்டையும் அதனுள் அடங்கியது. அன்று முதல் அவ்வூர் மக்கள் 'புதிய மாவட்டத்தில்' வாழ்கின்றனர். ஆனால் அவர்தம் ஊரும் வயலும் மேற்கே தெரியும் கல்வராயன் மலையும் பழையனவே. புதியது ஆட்சி எல்லை. மாவட்டத் தலைமையிடம் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு மாறியது. ஆகவே 'புதிய மாவட்டம்' என்னும் தொடர் உண்மையானது. 'புதிய நிலம்' என்றால் பொய்யாகிவிடும்.

'புதிய' என்னும் அடைமொழி எந்தப் பெயரோடு சேர்கிறதோ அதற்கு மட்டுமே பொருந்தும் என்பதை இவ்வெடுத்துக்காட்டு காட்டுகிறது. எனவே அறிவிப்பு எழுதுவோர் முதலில் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும். எது புதிது? யாருக்குப் புதிது? எந்நாள் முதல் புதிது? விடை தெளிந்தபின் சொல் தானே அமையும்.

சொற்களின் வேறுபாடு

*புதிய* என்பது காலத்தை மட்டும் சுட்டும் எளிய சொல். முன்பு இல்லாதது இப்போது உள்ளது என்பதைத் தவிர வேறு புகழ்ச்சி எதனையும் அது தருவதில்லை. புதிது என்பதாலேயே ஒன்று சிறந்ததாகிவிடாது என்பதை அரிசிக் கடையில் காணலாம். பொங்கலுக்குப் புத்தரிசியை விரும்பி வாங்கும் இல்லத்தார், நாள்தோறும் சோறு வடிக்கப் பழைய அரிசியைக் கேட்பர். புத்தரிசிச் சோறு குழைந்து ஒட்டும். பழைய அரிசிச் சோறு உதிரியாக வரும் என்பதே காரணம்.

*நூதனம்* என்பது வடசொல். வழக்கத்திற்கு மாறான, எதிர்பாராத என்னும் பொருள் அதில் மிகுதி. நாளிதழ்களில் 'நூதனப் போராட்டம்', 'நூதன முறையில் திருட்டு' என்னும் தலைப்புகளைக் காண்கிறோம். வியப்போடு சிறிது ஐயத்தையும் தரும் இச்சொல், மக்கள் நம்பி வாங்க வேண்டிய பொருளுக்குப் பொருந்துமா என எண்ணிப் பார்க்க வேண்டும். வகையில் வேறுபட்டது என்று மட்டும் சொல்ல விரும்பினால் 'புதுவகை' என்பதே போதும்.

*நவீனம்* என்பது இக்காலத்திற்கு உரியது என்னும் பொருளுடையது. காலம் நகர நகர இச்சொல் பொருளிழக்கும். பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட 'நவீன அரிசி ஆலை' என்னும் பலகைகள் இன்றும் சாலையோரங்களில் நிற்கின்றன. ஆலை பழையதாயிற்று; பலகையில் உள்ள அடைமொழி மட்டும் மாறவில்லை. அடைமொழிக்குப் பதிலாக எந்திரத்தின் செயலை எழுதியிருந்தால் அத்தொடர் இன்றும் உண்மையாகவே இருந்திருக்கும்.

*புத்தாக்கம்* என்பது இவற்றுள் மிகப் பெரிய கூற்று. முன்பு தீராத ஒரு சிக்கலைப் புதிய வழியில் தீர்த்ததை அது குறிக்கும். எனவே இச்சொல்லைக் கண்டவுடன் 'எந்தச் சிக்கல் தீர்ந்தது?' என்னும் வினா எழும். சட்டத்தின் அளவுகோல் இதனினும் கடுமையானது. இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970இன்படி ஒரு கண்டுபிடிப்பு உலகில் எங்கும் முன்னர் வெளிப்படாததாகவும், துறை அறிந்தோர்க்கும் எளிதில் தோன்றாததாகவும், தொழிலில் பயன்படக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும். மரபு வழி அறிவு கண்டுபிடிப்பாகக் கொள்ளப்படுவதில்லை.

> இலக்கணக் குறிப்பு
>
> புத்தரிசி = புதுமை + அரிசி. 'மை' விகுதி கெட்டு (ஈறுபோதல்) 'புது + அரிசி' என்றாகும். தகர மெய் இரட்டித்து (தன்னொற்றிரட்டல்) 'புத்து + அரிசி' என்றாகும். நிலைமொழி ஈற்று உகரம் கெட்டு, மெய்யின்மேல் உயிர் சேரப் 'புத்தரிசி' எனப் புணரும். புத்துயிர், புத்தாடை, புத்தாக்கம் ஆகியனவும் இவ்வாறே அமைந்தன.
>
> தொல்காப்பிய உரியியல், புதுமையை உணர்த்தும் சொற்களுள் 'யாணர்' என்பதைச் சுட்டுகிறது. புதிதாக வந்துகொண்டிருக்கும் வளத்தை அது குறிக்கும். 'கடி' என்னும் உரிச்சொல்லின் பல பொருள்களுள் ஒன்றும் புதுமையே.

ஓர் அறிவிப்பை ஆராய்தல்

பயிற்சிக்காக ஒரு சூழலைக் கற்பனை செய்துகொள்வோம். கல்வராயன் மலையில் சாமை பயிரிடும் உழவர் குழு ஒன்று, எலவனாசூர்கோட்டையில் சாமை அரிசி விற்பனையைத் தொடங்குகிறது. குழுவினர் எழுதிய முதல் வரைவு இது:

> நூதனம்! நவீனம்! புதுமையின் உச்சம்! கல்வராயன் மலையின் புத்தம்புதிய சாமை, வரலாற்றில் முதன்முறையாகப் புரட்சிகரத் தொழில்நுட்பத்தில், எலவனாசூர்கோட்டையில் புதிய அறிமுகம்! இனி உணவின் இலக்கணமே மாறும்!

இதைப் படிப்பவர்க்கு என்ன தெரிகிறது? சாமை விற்கப்படுகிறது என்பது தவிர வேறொன்றும் தெரியவில்லை. விலை, அளவு, தொடங்கும் நாள் ஆகியவை இல்லை. இனிக் குழுவினரிடம் கேட்டறிந்த செய்திகளோடு இதனை ஒப்பிடுவோம்.

சாமை மலைமக்கள் தலைமுறை தலைமுறையாக விளைவிக்கும் தானியம். எனவே பொருளுக்கு 'நூதனம்' பொருந்தாது. இதுவரை அவர்கள் உமி நீக்காத தானியத்தையே வணிகரிடம் விற்றுவந்தனர். இப்போது உமி நீக்கும் எந்திரம் ஒன்றை நிறுவி, அரிசியாக்கித் தாமே விற்கின்றனர். அத்தகைய எந்திரங்கள் பிற ஊர்களில் முன்பே இயங்குகின்றன. எனவே 'வரலாற்றில் முதன்முறை', 'புரட்சி' ஆகியனவும் நீங்கும். ஆயினும் இக்குழுவிற்கு இது முதல் முயற்சி என்பது உண்மை. 'யாருக்குப் புதிது?' என்னும் வினாவின் விடை இதுவே. உரலில் இட்டுக் குற்றிய நெடுநேர உழைப்பை எந்திரம் மிச்சப்படுத்துகிறது என்பதையும் சொல்லலாம். அது அடைமொழியன்று, செய்தி.

'புத்தம்புதிய' என்பதே மிகுந்த கவனம் வேண்டும் சொல். உமியோடு கூடிய சாமை நெடுநாள் கெடாது. உமி நீக்கியபின் தவிட்டிலுள்ள எண்ணெய்ப்பசை காற்றுப்பட்டுச் சிக்கு நாற்றம் அடையத் தொடங்கும். தவிட்டை முற்றிலும் தீட்டிவிட்டால் மேலும் சில காலம் இருக்கும். ஆனால் தவிட்டின் சத்து போய்விடும். ஆகவே சாமை அரிசியின் புதுமையை அறுவடை நாளிலிருந்து கணக்கிடுவதைவிட, உமி நீக்கிய நாளிலிருந்து கணக்கிடுவதே பொருந்தும். 'புத்தம்புதிய' என்னும் சொல் இதனை மறைக்கிறது. ஒரு நாளைக் குறிப்பிட்டால் அது வெளிப்படும்.

சட்டமும் இதனோடு ஒத்துச் செல்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2018இல் வெளியிட்ட விளம்பர ஒழுங்குமுறைகள், 'ஃப்ரெஷ்' என்னும் சொல்லைக் கழுவுதல், தோலுரித்தல், குளிரூட்டல், நறுக்குதல் போன்ற எளிய செயல்களுக்கு மேல் பதப்படுத்தப்படாத உணவுக்கே பெரிதும் உரியதாக்குகின்றன. 'புதிய' என்னும் சொல்லுக்கும் வரம்பு உண்டு. இந்திய விளம்பரத் தர மன்றத்தின் வழிகாட்டுதல்படி, பொருளில் எக்கூறு புதிது என்பதைக் குறிப்பிட வேண்டும். அறிமுகமாகி ஓராண்டு வரை மட்டுமே அச்சொல்லைப் பயன்படுத்தலாம். 'எது?', 'எந்நாள் முதல்?' என்னும் நம் வினாக்களே அங்கு விதியாகியுள்ளன.

'புதிய அறிமுகம்' என்னும் தொடரில் வேறொரு குறை உள்ளது. அறிமுகம் என்பதே புதிதாகக் காட்டுவதுதான். நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் இது 'கூறியது கூறல்' ஆகும். 'புதுமையின் உச்சம்' என்பது 'மிகைபடக் கூறல்'. உணவின் இலக்கணம் மாறும் என்பது, பொருளின்றிச் சொற்களை அடுக்கும் 'வெற்றெனத் தொடுத்தல்'. விளம்பரம் என்னும் துறை தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அதன் நோய்கள் பெயர் பெற்றுவிட்டன.

திருத்திய அறிவிப்பு

> கல்வராயன் மலையில் இவ்வாண்டு விளைந்த சாமையை உமி நீக்கி, அரிசியாக எலவனாசூர்கோட்டையில் தை 2 முதல் விற்கிறோம். இதுவரை தானியமாக மட்டுமே விற்றுவந்த எங்கள் குழு, புதிதாக உமி நீக்கும் எந்திரம் நிறுவியுள்ளது. தவிடு முழுதும் தீட்டப்படாத அரிசி. உமி நீக்கிய நாள் ஒவ்வொரு பையிலும் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு கிலோ பைகளில் கிடைக்கும்.

இதில் 'புதிதாக' என்னும் சொல் ஒரே ஒருமுறை வருகிறது. அது எந்திரத்தை நிறுவிய செயலைத் தழுவி நிற்கிறது. அடுத்த ஆண்டு அவ்வொரு சொல்லை நீக்கினால் போதும்; எஞ்சியவை நிலைத்து நிற்கும். விலையையும் சேர்த்துவிட்டால் வாங்குவோர் கேட்க வேண்டியது ஏதும் இராது.

ஆரவாரத்தைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அடைமொழியை நீக்கிவிட்டுத் தொடரைப் படிக்க வேண்டும். செய்தி குறைந்தால் அடைமொழி தேவை. குறையாவிட்டால் அது வெற்றுச்சொல். மற்றொன்று, அதே தொடரைச் சோப்புக்கோ கைப்பேசிக்கோ பொருத்திப் பார்ப்பது. 'புதுமையின் உச்சம்' எப்பொருளுக்கும் பொருந்தும். 'உமி நீக்கிய நாள் பையில் அச்சிடப்பட்டிருக்கும்' என்பது அவ்வாறு பொருந்தாது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் தொடர் எதைப் பற்றியும் பேசுவதில்லை.

> தெரிந்து தெளிவோம்
>
> கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. இக்குறியீடு ஒரு பொருளின் தரமும் பெயரும் அது தோன்றிய இடத்தைச் சார்ந்திருப்பதற்காக வழங்கப்படுவது. அத்தகைய பொருளை 'நவீனப் படைப்பு' என அறிவித்தால் அதன் பெருமையே மறையும். கடை புதியது எனலாம். கலை புதியது எனலாகாது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் காணும் மூன்று கடைப் பலகைகளில் 'புதிய', 'நவீன' என்னும் சொற்கள் எதைச் சுட்டுகின்றன எனக் குறித்து வருக.
2. நாளிதழில் 'நூதன' என்னும் சொல் வரும் செய்திகளைத் திரட்டி, அச்சொல் தரும் உணர்வை வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

*குறுவினா*

1. 'புதிய அறிமுகம்' என்னும் தொடரில் உள்ள குற்றம் யாது?
2. புத்துயிர்: புணர்ச்சி விதி கூறுக.

*சிறுவினா*

1. நூதனம், நவீனம் ஆகியவற்றின் பொருள் வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. சாமை அரிசியின் புதுமையை எந்நாளிலிருந்து கணக்கிடுவது பொருந்தும்? காரணம் தருக.

*நெடுவினா*

உங்கள் பள்ளியில் தொடங்கப்படும் நூலகப் பிரிவு ஒன்றிற்கு அறிவிப்பு எழுதுக. அதில் இடம்பெற்ற ஒவ்வோர் அடைமொழியையும் ஏன் தேர்ந்தீர்கள் என்பதை, எது, யாருக்கு, எந்நாள் முதல் என்னும் மூன்று வினாக்களின் வழி நிறுவுக.