டியூபில் மருந்து விட்டு எக்ஸ்ரே... ரொம்ப வலிக்குமா?

‘கர்ப்பப்பைக் குழாய் ரெண்டும் திறந்திருக்கான்னு பார்த்துடலாம். ஒரு எக்ஸ்ரே எழுதித் தர்றேன்...’

டாக்டர் இப்படிச் சொல்லி சீட்டை நீட்டியதும் உங்கள் மனசில் முதலில் எழுவது ‘அடைப்பு இருக்குமோ’ என்ற கேள்வி அல்ல. ‘ரொம்ப வலிக்குமாமே!’ என்ற பயம்தான்.

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்துப் பெண் ஒருவர். வயது 27, கல்யாணமாகி நாலு வருஷம். இந்த எக்ஸ்ரேவுக்கு எழுதிக் கொடுத்த சீட்டை எட்டு மாசம் பீரோவிலேயே வைத்திருந்தார். காரணம், ‘உயிர் போய் உயிர் வந்துச்சு’ என்று நாத்தனார் சொன்ன ஒரு வார்த்தை. அதே பரிசோதனை செய்துகொண்ட பக்கத்து வீட்டு அக்காவோ, ‘தூரம் ஆகுற அன்னிக்கு வர்ற வலி மாதிரிதான், அஞ்சு நிமிஷம்’ என்றாராம். இருவரில் யார் சொன்னது நிஜம்? ரெண்டுமே நிஜம்தான். ஏன் இந்த வித்தியாசம் என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

முதலில் ஒரு விஷயம். உங்கள் கணவருக்கு விந்துப் பரிசோதனை முடிந்துவிட்டதா? வலியில்லாத, செலவு குறைந்த அந்தப் பரிசோதனையைச் செய்யாமலே மனைவியை மட்டும் எக்ஸ்ரே மேஜையில் ஏற்றும் வீடுகள் இன்னமும் இருக்கின்றன. பாலக்கோடு பெண்ணின் வீட்டிலும் அதுதான் நடக்க இருந்தது. டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகே கணவர் போய்க் கொடுத்தார். ரிப்போர்ட் நன்றாகவே இருந்தது.

அப்படி என்னதான் பார்க்கிறார்கள்?

கர்ப்பப்பையின் இரண்டு பக்கமும் சுமார் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒவ்வொரு குழாய். கர்ப்பப்பையோடு சேரும் இடத்தில் உள்துவாரம் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. போகப் போக அகலமாகி, கடைசியில் பூவிதழ் போல் விரிந்திருக்கும். முட்டையும் உயிரணுவும் சந்திப்பது இந்தக் குழாய்க்குள்தான். சாதாரண எக்ஸ்ரேயில் இது தெரியாது. அதனால் அயோடின் கலந்த மருந்து ஒன்றைக் கர்ப்பப்பை வாய் வழியாக உள்ளே விடுகிறார்கள். அது போகும் பாதை எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். எச்.எஸ்.ஜி. என்று சீட்டில் எழுதியிருப்பது இதைத்தான்.

‘டை’ என்று சொல்வதால் ஏதோ கலர் சாயம் என்று நினைத்துவிடாதீர்கள். பார்வைக்குத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். நீலச் சாயம் விட்டுப் பார்ப்பது வேறு. அது மயக்க மருந்து கொடுத்து, தொப்புள் பக்கத்தில் சின்னத் துளை போட்டு, லேப்பராஸ்கோப் வழியாகப் பார்ப்பது. இரண்டையும் குழப்பிக்கொண்டு பயப்படுகிறவர்கள் அதிகம்.

எந்த நாளில் போகணும்?

மாதவிலக்கு ஆரம்பித்த நாளை முதல் நாள் என்று வைத்துக்கொண்டு எண்ணுங்கள். உதிரம் நின்ற பிறகு, முட்டை வெளிவருவதற்கு முன்பு, அதாவது பெரும்பாலோருக்கு ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் எடுக்க வேண்டும். பாலக்கோடு பெண்ணுக்கு 4-ம் தேதி ஆரம்பித்து 8-ம் தேதி நின்றது. 11-ம் தேதி, அதாவது எட்டாம் நாள், எடுத்தார்கள். மாதவிலக்கு ஆரம்பித்ததிலிருந்து எக்ஸ்ரே முடியும்வரை கணவன் மனைவி சேராமல் இருக்கச் சொல்வார்கள். உள்ளே தங்கியிருக்கிற புதுக் கரு ஒன்று தெரியாமல் எக்ஸ்ரேக்கு ஆளாகிவிடக் கூடாதே! இந்த முறை உதிரம் வழக்கத்தைவிட ரொம்பக் குறைவாகப் பட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சிறுநீர் டெஸ்ட் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள்.

அதேபோல் நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், அடிவயிற்றில் விடாத வலி, காய்ச்சல் இருந்தால் அன்றைக்கு எடுக்கக் கூடாது. கிருமி இருக்கும்போது மருந்தை உள்ளே தள்ளினால் கிருமியும் மேலே ஏறிவிடும். முன்பு எப்போதாவது இந்த மாதிரி எக்ஸ்ரே மருந்து ஊசி போட்டு உடம்பு தடித்திருந்தாலோ, மூச்சு வாங்கியிருந்தாலோ, தைராய்டு தொல்லை இருந்தாலோ அதையும் சொல்லுங்கள்.

மேஜையில் என்ன நடக்கும்?

ஒரு மணி நேரத்துக்கு முன்பு, டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைப் போட்டுக்கொள்ள வேண்டும். அல்சர், ஆஸ்துமா இருந்தால் எந்த மாத்திரை என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மயக்க மருந்து கொடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தால் தவிர, பட்டினியாகப் போக வேண்டியதில்லை. ரெண்டு இட்லி சாப்பிட்டுப் போவது நல்லது. வெறும் வயிற்றோடு போகிறவர்களுக்குத்தான் மயக்கம் சீக்கிரம் வருகிறது.

சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். எக்ஸ்ரே மேஜையில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி அகட்டி வைக்க வேண்டும். உள்ளே பார்க்கும் கருவியை வைப்பார்கள். இது வலி இல்லை, ஜில்லென்று ஓர் அழுத்தம். கூச்சத்தில் தொடையை இறுக்கினால்தான் உறுத்தும். பிறகு கிருமிநாசினியால் துடைப்பார்கள்.

அடுத்து, கர்ப்பப்பை வாய் அசையாமலிருக்க அதை ஒரு கருவியால் பிடிப்பார்கள். ‘சுரீர்’ என்று ஒரு கிள்ளு. சில இடங்களில் இப்படிப் பிடிக்காமல், நுனியில் சின்ன பலூன் உள்ள மெல்லிய ரப்பர் குழாயை விடுகிறார்கள். பலூன் உப்பும்போது அடிவயிறு கனக்கும்.

நிஜமான வலி மருந்து உள்ளே போகும்போதுதான். சாதாரணமாகக் கர்ப்பப்பையின் முன்சுவரும் பின்சுவரும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். சில மில்லி மருந்து போனாலே அது விரிய வேண்டியிருக்கிறது. விரிந்த கர்ப்பப்பை சுருங்கி, வந்ததை வெளியே தள்ளப் பார்க்கும். அதுதான் அடிவயிற்றைப் பிசைவது போலவும், இடுப்பை இழுப்பது போலவும் வருகிற வலி. கடுமையாக இருப்பது ஒன்றிரண்டு நிமிஷம். மருந்து விடுவதை நிறுத்தியதும் இறங்க ஆரம்பித்து, பெரும்பாலோருக்குக் கால் மணி, அரை மணி நேரத்தில் லேசான வலியாகிவிடும். மொத்த மருந்தே சுமார் 10 மில்லிதான். எடுக்கும் படமும் மூணு, நாலு.

நாத்தனாருக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் வித்தியாசம் வந்தது இங்கேதான். மருந்தை வேகமாகத் தள்ளினால் கர்ப்பப்பை ஆத்திரப்பட்டுச் சுருங்கும். மெதுவாக விட்டால் அவ்வளவு இருக்காது. குழாய்கள் திறந்திருந்தால் மருந்து வயிற்றுக்குள் வழிந்து அழுத்தம் குறையும். அடைத்திருந்தால் அழுத்தம் உள்ளேயே நின்று வலி கூடலாம். ஆனால் ‘எனக்கு வலி அதிகம், அப்போ அடைப்புதான்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குழாய் இரண்டும் திறந்திருந்தும் துடித்தவர்கள் உண்டு, அடைப்பு இருந்தும் ‘இவ்வளவுதானா?’ என்று எழுந்து போனவர்களும் உண்டு.

பாலக்கோடு பெண் முன்னாலேயே டாக்டரிடம், ‘மெதுவா விடுங்க. கையைத் தூக்கினா நிறுத்துங்க’ என்று சொல்லியிருந்தார். நீங்களும் சொல்லலாம், தப்பில்லை! நடுவில் ஒரு தடவை கையைத் தூக்கினார், நிறுத்தினார்கள். வாயைத் திறந்து மெதுவாக மூச்சுவிடச் சொன்னார் நர்ஸ். அரை நிமிஷத்தில் வலி தணிந்தது, தொடர்ந்தார்கள்.

படம் என்ன சொன்னது?

கர்ப்பப்பை ஒரு வெள்ளை முக்கோணமாகத் தெரிந்தது. இடது மூலையிலிருந்து நூல் போல ஒரு கோடு ஓடி, கடைசியில் புகை மாதிரிப் பரவியது. அந்தக் குழாய் திறந்திருக்கிறது என்று அர்த்தம். வலது பக்கம் கோடே வரவில்லை. ரிப்போர்ட்டில் ‘ரைட் கார்னுவல் பிளாக்’ என்று எழுதியிருந்தது. வீட்டில் ஒரே அழுகை.

இந்த இடத்தில்தான் அவசரப்படக் கூடாது. குழாய் கர்ப்பப்பையோடு சேரும் மூலையைச் சுற்றிலும் தசை. மருந்து போன எரிச்சலிலும் பயத்திலும் அந்தத் தசை இறுகிக்கொண்டால், நல்ல குழாய்கூட அடைத்தது போலவே படத்தில் தெரியும். தவிர, இடது பக்கம் தாராளமாக வழி கிடைத்துவிட்டால் மருந்து முழுக்க அந்தப் பக்கமே போய்விடும். மூலையில் அடைப்பு என்று படம் காட்டியவர்களில் கணிசமானவர்களுக்கு, மறுபடி பார்க்கும்போது குழாய் திறந்தே இருக்கிறது. அதனால்தான் நல்ல டாக்டர்கள் அந்த நேரத்திலேயே கொஞ்சம் பொறுத்து, மறுபடி மெதுவாக மருந்து விட்டு இன்னொரு படம் எடுத்துப் பார்ப்பார்கள்.

இவருக்கு அப்படியும் வரவில்லை. ஒரு குழாய் திறந்திருக்கிறதே என்று டாக்டர் சில மாசம் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். பிறகு சேலத்தில் லேப்பராஸ்கோப் செய்தபோது நீலச் சாயம் இரண்டு குழாயிலிருந்தும் சொட்டியது. வலது பக்கம் அடைப்பே இல்லை!

குழாயின் வெளிமுனையில் அடைப்பு என்றால் கதை வேறு. மருந்து குழாய்க்குள் போய், வெளியே வர வழியின்றி பலூன் மாதிரி உப்பி நிற்கும். இது தசை இறுகியதால் வருவதல்ல, பழைய கிருமித் தொற்றின் தழும்பு. இப்படிப்பட்டவர்களுக்குப் பரிசோதனைக்குப் பிறகு தொற்று வரும் வாய்ப்பு அதிகம். அதனால் கிருமிக்கொல்லி மாத்திரை கொடுப்பார்கள், அதை முழுக்கச் சாப்பிட வேண்டும். குழாய் மணிமணியாகவோ விறைத்தோ தெரிந்தால் காசநோயைச் சந்தேகிப்பார்கள். நம் நாட்டில் குழாய் அடைப்புக்கு அது ஒரு முக்கியக் காரணம். இருமலே இல்லாமலும் அங்கே வரலாம். படத்தை மட்டும் வைத்து அதை உறுதி செய்ய முடியாது, கர்ப்பப்பை உள்சவ்வை எடுத்துப் பார்க்க வேண்டும்.

முடிந்த பிறகு...

உடனே எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடாதீர்கள். கர்ப்பப்பை வாயைத் தொட்டாலே சிலருக்கு வியர்த்து, கண் இருட்டி, நாடி தணியும். படுத்தால் சரியாகிவிடும். அரை மணியாவது படுத்திருந்துவிட்டு, துணைக்கு வந்தவரோடு கிளம்புங்கள். அரூர், பென்னாகரம் என்று தூரத்திலிருந்து தர்மபுரிக்கு வருகிறவர்கள் கடைசி பஸ்ஸை நம்பி வராமல் காலையிலேயே வந்துவிடுங்கள். கையில் ஒரு நாப்கின் இருக்கட்டும். விட்ட மருந்தில் மிச்சம் பிசுபிசுவென்று வெளியே வரும். ஒன்றிரண்டு நாள் லேசாக உதிரம் படலாம். சிலருக்குத் தோள்பட்டையில் ஒரு வலி வரும். வயிற்றுக்குள் வழிந்த மருந்து மேலே உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது, தானாகவே போய்விடும்.

ஆனால் அடுத்த மூணு, நாலு நாளில் காய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு, குறையாமல் கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, மாதவிலக்கைவிட அதிகமான போக்கு, இதில் ஏதாவது ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ரிப்போர்ட் காகிதத்தோடு எக்ஸ்ரே பிலிமையும் மறக்காமல் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வேறு டாக்டரிடம் போனால், ‘பிளாக்’ என்று எழுதிய காகிதத்தைவிட அந்தப் பிலிமைத்தான் அவர் முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.