முதல் ஆர்டருக்குப் பணம் எப்படி வாங்குவது?

பெங்களூர் ஜோகுபாளையத்தில் சின்ன அலுவலகம் வைத்து, சுற்றுவட்டாரத் தயாரிப்பாளர்களிடம் ஊதுபத்தி எடுத்து ஏற்றுமதி செய்கிறேன். முதன்முறையாக வெளிநாட்டிலிருந்து சரக்கு எடுப்பவர்கள் விலையில் சீக்கிரம் ஒத்துப்போய்விடுவார்கள். பேச்சு தட்டி நிற்பது பணம் எப்போது, எப்படி என்ற இடத்தில்தான். மலேசியாவின் கிள்ளானில் பூஜைப் பொருள் கடை நடத்தும் ஒருவர் நேராகவே கேட்டார்: "அண்ணே, முன்பணம் கட்டிட்டு சரக்கு வரலைன்னா நான் யாரைப் போய்க் கேக்கறது?"

"நியாயமான கேள்வி தம்பி. நான் சரக்கைக் கப்பல்ல ஏத்திட்டு, நீங்க பணம் தரலைன்னா நான் யாரைக் கேக்கறதுங்கறதையும் சேர்த்தே பேசிடுவோம்" என்றேன்.

எந்தப் புது வாடிக்கையாளருக்கும் நான் இப்படித்தான் விளக்குகிறேன். ஆர்டர் உறுதியாகும் நாள், சரக்கு தயாராகும் நாள், கப்பல் ஏறும் நாள், அவருடைய துறைமுகத்தில் அது இறங்கும் நாள் என நான்கு நாட்களை ஒரு தாளில் வரிசையாக எழுதுவேன். ஒவ்வொரு நாளிலும் யாருடைய பணம் யாரிடம் மாட்டியிருக்கிறது என்று பக்கத்தில் குறிப்பேன். எந்தக் கட்டண முறையானாலும் அந்தத் தாளிலேயே புரிந்துவிடும்.

முழு அட்வான்ஸ் என்றால், முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஆபத்து முழுக்க வாங்குபவர் தலையில். சாம்பிளுக்கும் மிகச் சிறிய ஆர்டருக்கும் மட்டுமே இதைக் கேட்பேன். பணம் அனுப்பும் முன் என்னைச் சரிபார்க்க வழியும் சொல்லிவிடுவேன். ஏற்றுமதி செய்பவருக்கு ஐஇசி எண் உண்டு. அதை டிஜிஎஃப்டி இணையதளத்தில் தட்டிப் பார்க்கலாம். ஜிஎஸ்டி எண்ணையும் அப்படியே பார்க்கலாம். இரண்டிலும் உள்ள நிறுவனப் பெயரும், பணம் அனுப்பச் சொல்லும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கிள்ளான் ஆர்டர் 10,000 டாலர். கடல்வழியாகச் சென்னையிலிருந்து போகும் சரக்கு. அவருக்கு நான் சொன்னது 30 சதவீதம் முன்பணம், மீதி 70 சதவீதம் பிஎல் நகலைப் பார்த்ததும். பிஎல் என்பது கப்பல் தரப்பு கொடுக்கும் சரக்கு ரசீது. அதன் மூலப் பிரதி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் துறைமுகத்தில் சரக்கை எடுக்க முடியும். நான் ஸ்கேன் செய்து அனுப்பும் நகல், சரக்கு உண்மையிலேயே கப்பல் ஏறிவிட்டது என்று அவருக்குக் காட்டும். மூலம் என்னிடம் இருப்பதால் 7,000 டாலர் வரும்வரை சரக்கும் என் பிடியில் இருக்கும். 3,000 டாலர் அளவுக்கு அவர் என்னை நம்புகிறார். மீதிக்கு நான் அவரை நம்புகிறேன்.

30 என்ற எண்ணுக்கும் கணக்கு உண்டு. அவர் கடைசி நேரத்தில் கைவிரித்தால், துறைமுக வாடகையைக் கட்டி, சரக்கைத் திருப்பிக் கொண்டுவரவோ வேறு ஒருவருக்கு விலை குறைத்துத் தள்ளவோ ஆகும் இழப்பை முன்பணம் தாங்க வேண்டும். அவர் தன் கடைப் பெயரைப் பெட்டியில் அச்சடிக்கச் சொன்னால் 50 சதவீதம் கேட்பேன். அந்தப் பெட்டியை நான் வேறு யாருக்கும் விற்க முடியாதே. இந்தக் கணக்கைத் திறந்து சொன்னதும் அவர் பேரம் பேசவில்லை. கடைப் பெயர் வேண்டாம், என் பெட்டியிலேயே அனுப்புங்கள் என்றார்.

இந்த முறையில் கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, பயண நாள். சென்னையிலிருந்து கிள்ளான் துறைமுகம் பக்கம்தான். பணம் வந்த பிறகு மூல பிஎல்லைக் கூரியரில் அனுப்பினால், சரக்கு அங்கே இறங்கி வாடகை ஓடத் தொடங்கிவிடும். அதனால் பணம் வந்ததும் மூலத்தை இங்கேயே ஒப்படைத்து, அங்குள்ள கப்பல் ஏஜெண்டுக்குத் தகவல் போகச் செய்கிறோம். இதைத்தான் டெலக்ஸ் ரிலீஸ் என்பார்கள். பணம் கணக்கில் ஏறும் முன், 'அனுப்பிவிட்டேன்' என்ற வங்கிச் சீட்டை மட்டும் பார்த்து இதைச் செய்யக்கூடாது.

இரண்டாவது, விமானச் சரக்கு. விமான ரசீதுக்கு பிஎல்லின் அதிகாரம் கிடையாது. அதில் யார் பெயர் பெறுநராக இருக்கிறதோ அவர் மூலப் பிரதி இல்லாமலே சரக்கை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே விமானத்தில் போகும் சரக்குக்கு, பேக்கிங் முடிந்த படங்களை அனுப்பி, பாக்கியை வாங்கிய பிறகே ஏற்றுகிறேன்.

"பேங்க் நடுவுல இருந்தா நல்லதுதானே, எல்சி போட்டுடலாமா?" என்றும் கேட்டார். எல்சி என்பது, குறிப்பிட்ட ஆவணங்களைச் சரியாகக் கொடுத்தால் நான் பணம் தருகிறேன் என்று வாங்குபவரின் வங்கி விற்பவருக்குத் தரும் உறுதி. பன்னாட்டு வணிகச் சபையின் யுசிபி 600 விதிகள் 2007 முதல் இதற்கு நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி வங்கி பார்ப்பது ஆவணங்களை மட்டுமே. பெட்டிக்குள் இருப்பது சந்தன வத்தியா, வெறும் குச்சியா என்று வங்கி திறந்து பார்க்காது. தரத்துக்கும் உறுதி வேண்டும் என்றால், மூன்றாம் தரப்பு ஆய்வுச் சான்றிதழையும் எல்சி கேட்கும் ஆவணங்களில் ஒன்றாகச் சேர்க்கச் சொல்லுங்கள் என்றேன்.

செலவையும் சொன்னேன். முதல்முறை எல்சி திறப்பவரிடம் அவருடைய வங்கி பெரும் பகுதியை, சில சமயம் முழுத் தொகையையே, வைப்பாகக் கேட்கலாம். பணம் முடங்குவது முடங்கத்தான் செய்யும். மேலே கமிஷன் வேறு. ஆவணங்களைப் பரிசீலிக்க வங்கிக்கு ஐந்து வேலை நாட்கள் வரை அவகாசம் உண்டு. கிள்ளான் போன்ற பக்கத்துத் துறைமுகத்துக்குக் காகிதத்துக்கு முன் கப்பல் போய் நிற்கும். 10,000 டாலருக்கு இது கட்டாது. முழுக் கண்டெய்னர் எடுக்கும்போது பேசுவோம் என்று முடித்தோம்.

எல்சி வந்தால் நான் முதலில் பார்ப்பது, அதில் கேட்பதை எல்லாம் என்னால் தர முடியுமா என்பதை. இன்வாய்ஸில் எழுதும் பொருள் விவரம் எல்சியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். ஆர்டரைப் பெட்டி எண்ணிக்கையில் எழுதியிருந்தால் அளவில் ஐந்து சதவீதச் சலுகை கிடைக்காது; 400 பெட்டி என்றால் 400தான். எங்கள் பேட்டையின் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். என் முகவரியில் அப்படி எழுத்து மாறினால் பிழையாகாது, நாடு ஒன்றாக இருந்தால் போதும் என்கிறது யுசிபி. ஆனால் பிஎல்லில் பெறுநர் அல்லது தகவல் பெறுபவர் இடத்தில் வாங்குபவரின் முகவரி வந்தால், அது எல்சியில் உள்ளபடியே இருக்க வேண்டும். பொருந்தாத ஆவணம் போனால் வங்கி மறுக்கலாம். அப்போது பணம் கிடைப்பது வாங்குபவரின் சம்மதத்தைப் பொறுத்ததாகிவிடும்.

பேசியதை எல்லாம் ப்ரோஃபார்மா இன்வாய்ஸில் எழுதிவிடுகிறேன். கிள்ளான் இன்வாய்ஸில் இருந்த வரிகள் இவை: 30 சதவீதம் வந்த பிறகே உற்பத்தி தொடங்கும், மீதி, பிஎல் நகல் அனுப்பிய மூன்று வேலை நாட்களுக்குள், அனுப்பும் வங்கியின் கட்டணமும் இடைப்பட்ட வங்கியின் கட்டணமும் வாங்குபவருடையது. கடைசி வரி இல்லாவிட்டால் 3,000 அனுப்பினேன் என்று அவர் சொல்வார். இங்கே சில பத்து டாலர் குறைந்து வந்து நிற்கும். முதல் ஆர்டரிலேயே அதற்காக மனக்கசப்பு வேண்டாம்.

இன்னொரு வரியும் தவறாமல் சேர்க்கிறேன்: எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று எந்த மின்னஞ்சல் வந்தாலும், உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் என்னைக் கூப்பிட்டு, என் குரலில் கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம். அஞ்சலுக்குள் புகுந்து கணக்கு எண்ணை மாற்றும் மோசடிக்காரர்கள் காத்திருப்பது, இன்வாய்ஸ் போய்ப் பணம் கிளம்பும் அந்தச் சில நாட்களுக்காகத்தான்.