சேவை மணிநேரத்தை எப்படிப் பதிவது? நாட்டு நலப்பணித் திட்ட அணிகளுக்கு ஒரு வழிகாட்டி

நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் கல்லூரி மாணவர் ஆண்டுக்கு 120 மணிநேரம், இரண்டு ஆண்டுகளில் 240 மணிநேரம் பணியாற்ற வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றையும் முடித்தால் அவர் சான்றிதழுக்குத் தகுதி பெறுகிறார். 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய இத்திட்டத்தில், ஓர் அணிக்கு வழக்கமாக 100 மாணவர்களும் ஒரு திட்ட அலுவலரும் இருப்பார்கள்.

புதுச்சேரி நகரத்தில் இந்த 120 மணிநேரம் துண்டு துண்டாகவே சேர்கிறது. செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை கடற்கரைத் தூய்மை, நவம்பர் 1 விடுதலை நாள், மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துதல், இடையிடையே இரத்ததான முகாம், மரக்கன்று நடுதல் என்று ஒவ்வொன்றுக்கும் நேரமும் இடமும் மேற்பார்வையாளரும் வேறு. ஆண்டு முடிவில் இவற்றைக் கூட்டும்போது ஒருவருக்குக் கூடுதலாகவும் மற்றவருக்குக் குறைவாகவும் கணக்கு வராமலிருக்க, எப்படிப் பதிவது என்பதை முதல் நிகழ்வுக்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும்.

விதி முதலில், கருவி பிறகு

எந்தக் கருவியைத் தேர்ந்தாலும், எதை மணிநேரமாக எண்ணுவது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பணியிடத்தில் இருந்த நேரம் மட்டுமே கணக்கு, போகவரும் பயணம் சேராது, அரைமணிக்கு மேற்பட்ட இடைவேளை கழிக்கப்படும் என்பவை போதுமான அடிப்படை விதிகள். முன்னதாக வந்து பந்தல் கட்டியவர்களுக்கும், கூட்டம் கலைந்தபின் குப்பைப் பைகளைச் சுமந்தவர்களுக்கும் அந்த நேரம் சேர வேண்டும். நிகழ்ச்சி நிரலில் உள்ள நேரத்தை எல்லோருக்கும் ஒரேபோலப் போட்டால் முதலில் இழப்பவர்கள் இவர்கள்தான். சிறப்பு முகாம் தனி நிபந்தனை. அதன் நேரத்தை 120-இல் கலக்கக் கூடாது.

அதிகம் கவனிக்கப்படாத அநீதி முழுமையாக்குவதில் இருக்கிறது. ஒரு மாணவி 24 நிகழ்வுகளில் தலா 2 மணி 20 நிமிடம் பணியாற்றுகிறார். மொத்தம் 56 மணிநேரம். இன்னொரு மாணவர் 7 முழுநாள் நிகழ்வுகளில் தலா 8 மணிநேரம் நிற்கிறார், அவருக்கும் 56. ஒவ்வொரு நிகழ்வையும் அடுத்த முழு மணிக்கு உயர்த்தினால் மாணவிக்கு 72 ஆகிவிடும். கீழே இறக்கினால் 48-ஆகக் குறையும். மாணவரின் 56 இரண்டிலும் மாறாது. ஒரே உழைப்புக்கு இத்தனை வேறுபாடு வராமலிருக்க, பதிவை நிமிடத்தில் வைத்துக்கொண்டு, ஆண்டு முடிவில் மொத்தத்தை மட்டும் 60-ஆல் வகுக்க வேண்டும்.

முதல் வழி: நிகழ்வு வருகைத் தாள்

ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு தாள். அதில் பதிவு எண், பெயர், வந்த நேரம், சென்ற நேரம், இரண்டு கையொப்பங்கள் இருக்கும். செலவில்லை, மின்சாரமோ சிக்னலோ தேவையில்லை, தணிக்கைக்கும் ஏற்றது. சென்ற நேரம்தான் இதன் பலவீனம். கடற்கரைச் சாலையில் காந்தி சிலை அருகே காலையில் எல்லோரும் கையொப்பமிடுவார்கள். பிறகு சாலை நெடுக மாணவர்கள் பரவி வேலை செய்வதால் யார் எப்போது கிளம்பினார்கள் என்பது மேசையில் இருப்பவருக்குத் தெரியாது. கையுறையையும் பையையும் திருப்பித் தரும் இடத்திலேயே வெளியேறும் கையொப்பத்தை வாங்கினால் இந்த ஓட்டை பெருமளவு அடைபடும்.

இரண்டாம் வழி: மாணவரின் பணிக் குறிப்பேடு

மாணவர் தம் குறிப்பேட்டில் நேரத்தை எழுதி, பொறுப்பாளரிடம் அன்றே கையொப்பம் பெறுகிறார். இடைவேளை, பணியின் தன்மை போன்ற விவரங்கள் தாளைவிட இதில் தெளிவாக இருக்கும். தம் கணக்கு எவ்வளவு என்பதும் மாணவருக்கு எப்போதும் தெரியும். ஆனால் குறிப்பேடு தொலைந்தால் ஆண்டே தொலையும். மார்ச் மாதத்தில் பழைய தேதிகளுக்கு மொத்தமாகக் கையொப்பம் வாங்கும் வழக்கம் இதன் பெரிய ஆபத்து. பல மாதப் பதிவுகள் ஒரே மையில், ஒரே சாய்வில், எல்லாம் முழு மணிகளாக இருந்தால் அது அப்படி எழுதப்பட்டதாக இருக்கலாம். நிகழ்ந்த ஏழு நாட்களுக்குப் பின் வாங்கும் கையொப்பம் செல்லாது என்ற விதி இதைத் தடுக்கும்.

மூன்றாம் வழி: கைபேசிப் பதிவு

கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து இணையப் படிவத்தை நிரப்பினால், நேரம் தானாகப் பதிவாகி விரிதாளில் சேர்கிறது. கூட்டல் வேலை குறைகிறது. ஆனால் குறியீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், வீட்டிலிருப்பவரும் பதிவு செய்துவிடலாம். நிகழ்வுக்கு நிகழ்வு குறியீட்டை மாற்றுவதும், வருகைக்கும் வெளியேற்றத்துக்கும் வேறு குறியீடுகளை அந்தந்த நேரத்தில் மட்டும் காட்டுவதும் இதைக் குறைக்கும். மாசி மகம் போன்ற பெருங்கூட்டத்தில் சிக்னல் நெரிசலும் உண்டு. தாள் இல்லாமல் இதை மட்டும் நம்ப முடியாது.

எதைத் தேர்வது?

100 பேர் கொண்ட அணிக்கு இரு கைகளில் இரு பதிவுகள் இருப்பதே சிறந்தது: அலுவலரிடம் நிகழ்வுத் தாள், மாணவரிடம் குறிப்பேடு. ஒன்றில் உள்ள பிழையை மற்றது காட்டிக்கொடுக்கும். இருபது, முப்பது பேர் உள்ள சிறு குழுவுக்கு எல்லோரையும் அறிந்த ஒருவர் இருந்தால் தாளே போதும். பல அணிகள் சேரும் நிகழ்வுகளில் கைபேசிப் பதிவு கைகொடுக்கும்; ஆனாலும் அலுவலரின் தாளே இறுதி ஆதாரம்.

இரு பதிவு ஏன் வேண்டும் என்பதை மாசி மகக் கணக்கு ஒன்று காட்டும். தாளின்படி ஒரு மாணவர் காலை 5.30-க்கு வந்து பிற்பகல் 1.15-க்குச் சென்றார்: 7 மணி 45 நிமிடம், அதாவது 465 நிமிடம். அவர் குறிப்பேட்டில் 5.30 முதல் 9.30 வரையும், 11.00 முதல் 1.15 வரையும் என இரு வரிகள் உள்ளன: 240, 135 என மொத்தம் 375 நிமிடம். இடையிலுள்ள 90 நிமிடம் இடைவேளை. விதிப்படி 375-தான் சரி. அந்த நாளில் மாறிமாறிப் பணிசெய்த எல்லோருக்கும் இதே திருத்தம் செய்யப்பட வேண்டும்; கேட்டவருக்கு மட்டும் செய்வது நியாயமாகாது.

மாதந்தோறும் கூட்டுதல்

தாள்களை மாதத்துக்கு ஒருமுறை விரிதாளில் ஏற்ற வேண்டும். A தேதி, B பதிவு எண், C நிகழ்வு, D வந்த நேரம், E சென்ற நேரம், F நிமிடம் என நெடுவரிசைகள் அமைக்கலாம். இடைவேளை உள்ள நாளுக்கு இரண்டு வரிகள் இட வேண்டும். முதல் சூத்திரம் ஒரு வரியின் நிமிடத்தைத் தரும். H2-இல் மாணவரின் பதிவு எண்ணை இட்டால், இரண்டாவது அவருடைய மொத்த மணிநேரத்தைத் தரும்:

```
=ROUND((E2-D2)*1440,0)
=SUMIFS(F:F,B:B,H2)/60
```

கூட்டலுக்குப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது. ஒரே பெயரில் இருவர் இருப்பார்கள், முதலெழுத்து முன்னும் பின்னும் மாறும், எழுத்துக்கூட்டலும் வேறுபடும். பதிவு எண் ஒன்றே மாறாதது. ஒருவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் பதிவு இருக்கிறதா என்பதையும், ஒரு நிகழ்வில் எல்லோருக்கும் நிமிடம் பிசகாத ஒரே நேரம் விழுந்திருக்கிறதா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

ஒவ்வொரு மாதக் கணக்கையும் பதிவு எண்ணுடன் அறிவிப்புப் பலகையில் ஒட்டி, மறுப்புச் சொல்ல ஏழு நாள் தந்து, பின் மூடிவிட வேண்டும். ஜனவரி பட்டியல் இவற்றில் முக்கியமானது. அதில் 85 மணிநேரத்துடன் நிற்பவருக்கு, மீதி 35-ஐ ஈட்ட மாசி மகமும் பிற பணிகளும் இன்னும் இருக்கும். ஆண்டு முடிந்தபின் 118 மணி 40 நிமிடத்துடன் ஒருவர் வந்து நிற்கும்போது, அவருக்கு 80 நிமிடம் கூட்டிக் கொடுத்தால் 117-இல் நின்றவருக்கு மறுக்க எந்தக் காரணமும் இருக்காது. ஆகவே 120-க்குக் குறைந்தால் சலுகை இல்லை என்பதையும், குறையும் நேரத்தை எந்தத் தேதிக்குள் நிறைவு செய்யலாம் என்பதையும் தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டும். முதல் ஆண்டுக் கணக்கை முடித்தபின் தாள்களையும் மூடிய மாதப் பட்டியல்களையும் அடுத்த ஆண்டு வரை பாதுகாக்க வேண்டும். 240 மணிநேரக் கணக்கின் முதல் பாதி அவற்றில்தான் இருக்கிறது.