சாட்சியையும் விசாரி

அன்புள்ள தம்பிக்கு,

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு வேலைக்குப் போய்வரும் ரயிலிலேயே ஆத்ம விசாரம் பழகுவதாக எழுதியிருந்தாய். 'நான் யார்' என்று மனசுக்குள் கேட்டுக் கேட்டுத் தலை கனத்துப் போனதால், இப்போது கேள்வியை விட்டுவிட்டு மௌன சாட்சியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தாய். அம்மா காய்ச்சலில் கிடந்தபோதுகூட "பதற்றமே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்ற ஒரு வரியைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். உன்னைப் போல இந்தப் பாதையில் இறங்கியிருக்கும் பிள்ளைகள் நம் பக்கத்தில் பலர் இருப்பதால் இதை எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

நீ தினமும் இறங்கும் அதே விழுப்புரம் ஸ்டேஷனில் 1896 ஆகஸ்ட் 30ஆம் தேதி விடிகாலை மூன்று மணி வாக்கில் ஒரு பதினாறு வயதுப் பையன் இறங்கினான். வேங்கடராமன் என்று பெயர். பிற்காலத்தில் ரமண மகரிஷி. திருவண்ணாமலைக்குப் போவதற்காக மதுரையில் ஒரு பழைய அட்லஸைப் புரட்டிப் பார்த்ததில், மலைக்குக் கிட்டத்தில் இருக்கும் ஸ்டேஷன் திண்டிவனம் என்று தெரிந்தது. அண்ணனின் காலேஜ் சம்பளத்துக்கென்று இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு ரூபாய் பதின்மூன்று அணாவுக்குத் திண்டிவனம் டிக்கெட் வாங்கினான். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் பாதை போட்டாகிவிட்டது என்பது அந்த அட்லஸுக்குத் தெரியவில்லை. கூட வந்த ஒரு மௌல்வி சொல்லித்தான் விழுப்புரத்தில் இறங்கினான். உன் ஊருக்கு டிக்கெட் வாங்கியும் உன் ஊரைப் பார்க்காமலே போனவர் அவர்.

விடிந்ததும் திருவண்ணாமலைக்கு வழி தேடித் தெருத்தெருவாக நடந்தான். பசி. ஒரு ஓட்டலில் போய்க் கேட்டால், மத்தியானம்தான் சாப்பாடு என்றார்கள். காத்திருந்து சாப்பிட்டுவிட்டு இரண்டு அணாவை நீட்டினான். கையில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று ஓட்டல்காரர் கேட்டார். இரண்டரை அணா என்று தெரிந்ததும் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தப் பணத்துக்கு மாம்பழப்பட்டு வரைக்கும்தான் டிக்கெட் கிடைத்தது. அங்கிருந்து பத்து மைல் நடந்து அறகண்டநல்லூர்க் கோயில். இரவு கீழூர் வீரட்டேசுவரர் கோயிலில் மேளக்காரர் தம் பங்குச் சோற்றைக் கொடுத்தார். தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் பையன் மயங்கி விழுந்தான்; சோறு சிதறியது; எழுந்து பொறுக்கிச் சாப்பிட்டான். மறுநாள் கோகுலாஷ்டமி. ஒரு வீட்டில் விருந்துச் சாப்பாடு கிடைத்தது. காதுக் கடுக்கனை அடகு வைத்து நான்கு ரூபாய் வாங்கிக்கொண்டு, செப்டம்பர் முதல் தேதி திருவண்ணாமலை சேர்ந்தான்.

இந்தக் கதை உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் இதில் ஒன்றைக் கவனி. இந்தப் பயணத்துக்கு ஆறேழு வாரம் முன்பே, ஜூலை நடுவில், மதுரையில் சித்தப்பா வீட்டு மாடியில் அந்த மரண அனுபவம் நடந்து முடிந்துவிட்டது. சாவு வந்துவிட்டதென்று பயம் பிடித்ததும் பையன் பிணம்போலக் கைகால்களை நீட்டிப் படுத்து, மூச்சை அடக்கி, உடம்பு செத்தால் நானும் செத்தேனா என்று உள்ளே பார்த்தான். அதற்குப் பிறகு அந்தப் பார்வை விலகவே இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படியிருந்தும் விழுப்புரத்தில் அவருக்குப் பசித்தது. வழி கேட்டார், சோற்றுக்குக் காத்திருந்தார், கடுக்கனை அடகு வைத்தார். உள்ளே விழித்திருந்தவர் வெளியே மரமாகிவிடவில்லை. உன் "பதற்றமின்மை"யை இதன் பக்கத்தில் வைத்துப் பார்.

இனி உனக்குத் தலை கனத்துப் போனதற்கு வருகிறேன். அந்த மாடியில் நடந்தது கேள்வி பதில் இல்லை. கவனம் முழுக்க 'நான்' என்கிற உணர்வின் மேல் திரும்பியது, அவ்வளவுதான். அது கேள்வி வடிவம் பெற்றது பின்னால். அன்றைய தென்னாற்காடு கலெக்டர் ஆபீஸ் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர் சிவப்பிரகாசம் பிள்ளை. விழுப்புரமும் திண்டிவனமும் அப்போது அந்த ஜில்லாதான். தத்துவம் படித்தவர். 1902இல் ஆபீஸ் வேலையாகத் திருவண்ணாமலை போனவர், விருபாட்ச குகையில் பேசாமல் இருந்த இளம் சாமியிடம் கேள்விகளை எழுதிக் கேட்டார். சைகையாலும் எழுத்தாலும் பதில் வந்தது. அந்தக் குறிப்புகள் 1923இல் 'நான் யார்?' என்ற சிறு நூலாயின. ஆபீஸ் வேலை பார்க்கும் ஒருவர் கேட்ட கேள்விகளுக்கு வந்த பதில்கள் என்பதால், உனக்கும் எனக்கும் அது கைக்கு எட்டுகிற நூல்.

அதில் சொல்லியிருக்கும் வழியை உன் ரயில் பெட்டியிலேயே செய்து பார்ப்போம். மயிலம் தாண்டுகிறது. ஒருவர் உன்னை இடித்துத் தள்ளிக்கொண்டு கதவுக்குப் போகிறார். சுருக்கென்று கோபம். 'என்ன ஆள் இவன்' என்று நினைப்பு ஓட ஆரம்பிக்கிறது. அந்த ஆளையும் விடு, கோபத்தையும் ஆராயாதே. இந்த நினைப்பு யாருக்கு? எனக்கு. சரி, அந்த 'நான்' யார்? இதுவரைதான் வார்த்தை. இதற்குப் பிறகு பதில் தேடாதே. அடிபட்டதாக, அவமானப்பட்டதாகத் துடிக்கிறதே, அந்த 'நான்' என்கிற உணர்வின் மேலேயே கவனத்தை நிறுத்து. ஒரு நொடியோ இரண்டு நொடியோ அது நிற்கும். பிறகு வேறு நினைப்பு வரும். பேரணியில் ஏறும் கூட்டம், ஆபீஸில் கிடக்கும் ஃபைல், எதுவாகவும் இருக்கும். மறுபடியும் அது யாருக்கு என்று கேட்டுத் திரும்பு. முண்டியம்பாக்கம் வருவதற்குள் இருபது தடவை நழுவினாலும் குற்றமில்லை. நழுவியது தெரிந்ததும் திரும்புவதுதான் பயிற்சி.

உனக்குத் தலை கனத்ததற்குக் காரணம், கேள்வியை ஜபமாக்கிவிட்டதோடு, அதற்கு விடையாக ஏதோ ஒன்று மின்ன வேண்டும் என்று நெற்றியைச் சுருக்கிக் காத்திருந்தது. 'நான், நான்' என்று நினைத்துக்கொண்டிருந்தாலும் அது அங்கேயே கொண்டு சேர்க்கும் என்று அந்த நூலே இடம் கொடுக்கிறது. ஆகவே ஜபம் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்கிற கேள்வி கவனத்தைத் திருப்பிவிட்டு அடங்க வேண்டும். பிணத்தை எரிக்கக் கிளறும் தடி கடைசியில் தானும் எரிந்துபோவதைப் போல அந்த நினைப்பும் அழியும் என்பது மகரிஷி தந்த உவமை. நீ அந்தத் தடியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்கிறாய்.

சாட்சி விஷயத்தில் நீ சறுக்கியிருப்பது இதைவிட ஆழமானது. கண் உருவத்தைப் பார்க்கிறது, மனம் கண்ணைப் பார்க்கிறது, மனத்தை அறிவது சாட்சி, அந்தச் சாட்சியைப் பார்க்க வேறொன்று இல்லை என்பது 'திருக் திருசிய விவேகம்' காட்டும் வரிசை. மகரிஷி அதைத் தமிழ் உரைநடையில் தந்திருக்கிறார். இப்போது உன் சாட்சியைப் பார். கண்ணுக்குப் பின்னால், மண்டைக்குள், கொஞ்சம் தள்ளி ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதாகத்தானே எழுதியிருக்கிறாய்? அந்த ஆள் அமைதியாக இருக்கிறான் என்பதும், நேற்றைவிட இன்று தெளிவாக இருக்கிறான் என்பதும் உனக்குத் தெரிகிறது. தெரிகிறதென்றால் அவனும் பார்க்கப்படுகிற பொருள். சாட்சி வேடம் கட்டிய நினைப்பு. பழைய 'நான்'தான், பேச்சைக் குறைத்துக்கொண்டு உயரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் உன் கடிதத்தில் லேசான பெருமையும் தெரிந்தது.

பார்க்கப்படும் பொருள் இருந்தால்தான் சாட்சி என்ற பேச்சுக்கே இடம் உண்டு, உண்மை அந்த இரண்டுக்கும் அப்பால் என்று மகரிஷி தம்மிடம் வந்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். ஆகவே நினைப்புகளை ஒவ்வொன்றாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பது விசாரம் ஆகாது. நினைப்புகளுக்கு முடிவில்லை, ஆயுள் முழுக்க வேடிக்கை பார்க்கலாம். பார்க்கிறவன் மேல் கவனம் திரும்ப வேண்டும். உனக்கு நான் சொல்லக்கூடிய ஒரே மாற்றம் இதுதான்: அடுத்த முறை சாட்சி வந்து உட்கார்ந்ததும், 'இவனை அறிவது யார்' என்று அவன் மேலேயே கேள்வியைத் திருப்பு. அவன் பொய்யாக இருந்தால் கரைவான்.

இன்னொரு இடத்திலும் ஏமாறுவோம். விடியற்காலை உட்கார்ந்தால் அரை மணி நேரம் போனதே தெரியவில்லை என்று சந்தோஷப்பட்டிருக்கிறாய். நேரம் போனது தெரியாததற்கு ஆழ்ந்த நிலைதான் காரணம் என்று உடனே முடிவு கட்டாதே. மனம் ஒடுங்குவது வேறு, அழிவது வேறு. தூக்கத்திலும் மயக்கத்திலும் மூச்சை அடக்கும்போதும் மனம் ஒடுங்கும். வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து அதே கவலையைத் தொடங்கும். அடையாளம் எளிது. எழுந்தபின் 'அப்போது நான் விழித்திருந்தேனா' என்று கேட்டால் மழுப்பலாகத்தான் பதில் வரும் என்றால் அது ஒடுக்கம். அப்போது முகம் கழுவிவிட்டு, கண்ணைத் திறந்துகொண்டே விசாரம் செய். கொஞ்ச நேரம் போதும்.

அம்மா விஷயம். மகரிஷியின் தாயார் அழகம்மாள் 1916இல் மகனோடு இருக்க மலைக்கு வந்தார். 1922 மே 19 அவருடைய கடைசி நாள். அன்று மகன் ஒரு கையைத் தாயின் மார்பிலும் இன்னொரு கையைத் தலையிலும் வைத்தபடி, உயிர் அடங்கும் வரை பக்கத்திலேயே இருந்தார். சாட்சி நிலை என்றால் தள்ளி நிற்பது என்று நினைக்கிறவர்கள் இந்த ஒரு நாளை யோசிக்க வேண்டும். காய்ச்சலில் கிடக்கும் தாய்க்குத் தண்ணீர் கொடுக்கத் தோன்றாமல் பார்த்துக்கொண்டிருந்தது, பயத்துக்கு ஒளிந்துகொண்ட மனம். அதை யாரும் விசாரம் என்று சொல்ல மாட்டார்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். உடம்பு தன்னுடையதில்லை போலவும், சுற்றியிருப்பது நிஜமில்லை போலவும் ஒரு உணர்வு வந்து, அதோடு பயமும் தூக்கமின்மையும் சேர்ந்து நாள்கணக்கில் நீடித்தால் அதை ஞானம் என்று எண்ணி வளர்க்காதே. விசாரத்தை நிறுத்திவிட்டு, வீட்டில் சொல்லிவிட்டு, மனநல மருத்துவரைப் போய்ப் பார். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உன் ரயில் பாதையிலேயே இருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சரியான பிறகு தொடரலாம்.

அடுத்த கடிதத்தில் உன் சாட்சி எத்தனை தெளிவாக இருக்கிறான் என்று எழுத வேண்டாம். அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டதா, மருந்து சீட்டை யார் எடுத்துக்கொண்டு போனது, ரயிலில் இடித்தவர் மேல் வந்த கோபம் எந்த ஸ்டேஷன் வரை நின்றது, இவற்றை எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்